கடைசி மூட்டை என்ன தந்தது?
உரம் கூடக்கூட விளைச்சல் ஏன் அதே அளவில் கூடுவதில்லை: ஒரு ஏக்கர் சம்பா நெல்லின் கணக்கு

"ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா போட்டேன். இரண்டு டன்னுக்கு மேல் கண்டது. இன்னும் இரண்டு மூட்டை சேர்த்துப் போட்டால் மூன்று டன்னைத் தொடலாமா?"

கிராமக் கூட்டங்களில் பருவம் தவறாமல் வரும் கேள்வி இது. கேட்பவர் கணக்குத் தெரியாதவர் இல்லை. மூன்று மூட்டைக்கு இவ்வளவு என்றால் ஐந்து மூட்டைக்கு எவ்வளவு என்று பள்ளியில் படித்த கணக்கைத்தான் வயலிலும் போட்டுப் பார்க்கிறார். துணிக்கடையில் அந்தக் கணக்கு சரியாக வரும். பயிரிடம் வராது. உரத்தை ஒவ்வொரு மூட்டையாகக் கூட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு மூட்டையும் தரும் கூடுதல் விளைச்சல் முந்தைய மூட்டை தந்ததைவிடக் குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது பூஜ்யமாகும். அதற்கு மேலும் போட்டால் இருக்கிற விளைச்சலும் குறையும். இதைத்தான் குறைந்து செல் விளைவு விதி என்கிறார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த மிட்ஷர்லிக் என்ற மண்ணியல் அறிஞர் 1909-ஆம் ஆண்டிலேயே, உரம் கூடும்போது பயிர் இப்படித்தான் நடந்துகொள்கிறது என்று சோதனைகளின் மூலம் கணித வடிவில் எழுதிக் காட்டினார்.

விதியைப் படித்துத் தலையாட்டினால் போதாது. நம் வயலில் எந்த மூட்டையோடு நிறுத்த வேண்டும் என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு வளைகோடு வரையத் தெரிந்தால் போதும்.

ஒரு ஏக்கரின் கணக்கு

காவிரி டெல்டாவில் ஒரு ஏக்கர் சம்பா நெல்லை எடுத்துக்கொள்வோம். நடுத்தர வயது ரகம். தழைச்சத்தை யூரியாவாக மட்டும் போடுகிறோம். மணி, சாம்பல் சத்துகள், தண்ணீர், களை எடுப்பு எல்லாம் ஒரே மாதிரி. யூரியாவின் அளவு மட்டும்தான் மாறுகிறது. கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் எழுதிக்கொண்டவை. உங்கள் வயலின் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் அவை நடந்து செல்லும் விதம் இப்படித்தான் இருக்கும். நெல் விலை கிலோ 23 ரூபாய் என்று வைத்திருக்கிறேன்.

| யூரியா (45 கிலோ மூட்டை) | மொத்த விளைச்சல் (கிலோ) | கடைசி மூட்டையால் கூடியது (கிலோ) | அதன் மதிப்பு (ரூபாய்) |
|---|---|---|---|
| 0 | 1,300 | – | – |
| 1 | 1,720 | 420 | 9,660 |
| 2 | 2,020 | 300 | 6,900 |
| 3 | 2,200 | 180 | 4,140 |
| 4 | 2,260 | 60 | 1,380 |
| 5 | 2,200 | 60 குறைவு | 1,380 நஷ்டம் |

முதல் வரியைப் பாருங்கள். யூரியாவே போடாவிட்டாலும் 1,300 கிலோ விளைகிறது. அது மண்ணில் ஏற்கெனவே உள்ள தழைச்சத்து தந்தது. நாம் போடும் உரம் அதற்கு மேல்தான் வேலை செய்கிறது.

பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் இதை வரைந்து பாருங்கள். கீழே படுக்கைக் கோட்டில் 0 முதல் 5 வரை மூட்டைகளைக் குறியுங்கள். இடது பக்கம் நிற்கும் கோட்டில் 1,000 கிலோவில் தொடங்கி, ஒரு கட்டத்துக்கு 200 கிலோ என்று 2,400 வரை குறியுங்கள். அட்டவணையின் இரண்டாவது பத்தியில் உள்ள ஆறு எண்களையும் புள்ளியாக வைத்துச் சேர்த்தால், கோடு முதலில் செங்குத்தாக ஏறும். இரண்டு மூட்டைக்குப் பிறகு ஏற்றம் தளரும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஏறக்குறையப் படுத்துவிடும். நான்கைத் தாண்டியதும் இறங்கத் தொடங்கும். கவிழ்த்து வைத்த கிண்ணத்தின் விளிம்பைப் போல இருக்கும் இந்தக் கோடுதான் விளைச்சல் வளைகோடு.

இதில் ஒரு விஷயம் கண்ணில் படும். ஐந்து மூட்டை போட்டவருக்கும் 2,200 கிலோ. மூன்று மூட்டை போட்டவருக்கும் அதே 2,200 கிலோ. இரண்டு மூட்டைக் காசும் அதைத் தூக்கி வந்து வீசிய கூலியும் வீண்.

சராசரி ஏமாற்றும்

நான்கு மூட்டை போட்டவர் எப்படிக் கணக்குப் போடுவார்? "யூரியா இல்லாமல் 1,300, இப்போது 2,260. நான்கு மூட்டைக்கு 960 கிலோ கூடியிருக்கிறது. மூட்டைக்கு 240 கிலோ. அதாவது 5,520 ரூபாய். மூட்டை விலையோ முந்நூறு ரூபாய்கூட இல்லை. இன்னொன்று போட்டால் என்ன?"

கூட்டலும் வகுத்தலும் சரி. முடிவுதான் தவறு. அந்த 240 கிலோ என்பது சராசரி. முதல் மூட்டை தந்த 420 கிலோவையும் நான்காவது மூட்டை தந்த 60 கிலோவையும் ஒன்றாகக் கலந்து பங்கு வைத்ததால் வந்த எண் அது. முதல் மூட்டையின் உழைப்பைக் கடைசி மூட்டையின் பெயரில் எழுதிவிட்டோம். இன்னொரு மூட்டை போடலாமா என்று முடிவு செய்யும்போது, இதுவரை போட்டதெல்லாம் சேர்ந்து எவ்வளவு தந்தது என்று கேட்கக் கூடாது. கடைசியாகப் போட்டது எவ்வளவு தந்தது, அடுத்தது எவ்வளவு தரும் என்றுதான் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் குறைகிறது?

நெல்லுக்குத் தழைச்சத்து பற்றாக்குறையாக இருக்கும்போது நாம் போடும் முதல் மூட்டை பயிரின் பசிக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. தூர் கட்டுகிறது, இலை விரிகிறது, கதிரில் மணிகளின் எண்ணிக்கை கூடுகிறது. பசி அடங்க அடங்க, அடுத்து வரும் சத்துக்கு வேலை குறைகிறது.

மிஞ்சிய சத்து சும்மாவும் இருப்பதில்லை. தூர்கள் அதிகமாகும், ஆனால் பிந்தி வந்த தூர்கள் கதிர் விடாமலே நிற்கும். இலைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். வெயில் படாத அடி இலைகள் மாவுச்சத்தைத் தயாரிப்பதைவிடச் செலவழிப்பதே அதிகமாக இருக்கும். தண்டு நீண்டு மெலிந்து, பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு காற்று மழை வந்தால் பயிர் சாய்ந்துவிடும். இலை மென்மையாகவும் சாறு மிகுந்தும் இருப்பதால் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலை நோயும் தேடி வரும். வளைகோடு நான்கு மூட்டைக்குப் பிறகு கீழே இறங்குவதற்குக் காரணம் இவைதான்.

இதற்கிடையே, போட்ட யூரியா முழுவதும் பயிருக்குப் போவதும் இல்லை. தண்ணீர் தேங்கிய நெல் வயலில் பெரும்பாலும் பாதிக்கும் குறைவான பங்கைத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் அம்மோனியாவாகவும் நைட்ரஜனாகவும் காற்றில் போகும், அல்லது தண்ணீரோடு வடியும். ஒரே நேரத்தில் அதிகமாக வீசினால் வீணாகும் பங்கும் அதிகமாகும்.

நான்காவது மூட்டையைப் போடலாமா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கணக்கை நேராகப் பார்ப்போம். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. கொண்டு வந்து வீசும் கூலியை 150 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 420 ரூபாய். நான்காவது மூட்டை தரும் 60 கிலோ நெல்லின் மதிப்பு 1,380 ரூபாய். காகிதத்தில் 960 ரூபாய் லாபம். "அப்படியானால் போடலாமே" என்றுதான் தோன்றும்.

அரசு மானியத்தால் யூரியா மலிவாக இருக்கிறது. ஒரு மூட்டை யூரியாவின் விலைக்கு ஈடாக 12 கிலோ நெல் கூடினாலே போதும். அதனால்தான் கைகள் யூரியாவுக்கு மட்டும் தாராளமாக நீள்கின்றன. ஆனால் நான்காவது மூட்டையின் உண்மையான விலை மூட்டையில் அச்சிட்ட விலை அல்ல. அது பின்னால் கொண்டு வரும் செலவுகளையும் அதன் கணக்கில்தான் எழுத வேண்டும். பயிர் கொழுத்ததால் இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஒரு முறை கூடுதலாக மருந்து அடிக்க நேர்ந்தால், மருந்துக்கும் தெளிப்பானுக்கும் ஆளுக்கும் சேர்த்து 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 960 ரூபாய் லாபம் 40 ரூபாய் நஷ்டமாகிவிட்டது. பயிர் சாய்ந்துவிட்டால் அறுவடை இயந்திரம் அதே ஏக்கருக்குக் கூடுதல் நேரம் எடுக்கும். வாடகை மணிக்கணக்கில் ஓடும். சாய்ந்த கதிர் ஈரத்தில் முளைத்தால் கொள்முதல் நிலையத்தில் அந்த நெல்லுக்கு என்ன வரவேற்பு என்பது உங்களுக்கே தெரியும்.

நான்காவது மூட்டையை இரண்டு பாதிகளாகப் பிரித்தால் இன்னும் தெளிவாகும். இந்த வளைகோட்டில் முதல் பாதி 45 கிலோ தருகிறது, மறு பாதி 15 கிலோதான் தருகிறது. ஆகவே இந்த வயலுக்கு மூன்று மூட்டை, மிஞ்சிப் போனால் மூன்றரை. உச்ச விளைச்சலைத் தரும் அளவு நான்கு மூட்டையாக இருக்கலாம். உச்ச லாபத்தைத் தரும் அளவு அதற்குச் சற்று முன்பே வந்துவிடும். எந்தப் பயிரிலும் இந்த இரண்டும் ஒன்றல்ல.

வேளாண் துறையின் பரிந்துரையும் இதை ஒட்டியே இருக்கிறது. நடுத்தர, நீண்ட கால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு ஏறக்குறைய 60 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் ஒரு மூட்டையில் 20.7 கிலோ இருக்கிறது. மூன்று மூட்டை என்றால் 62 கிலோ. மண் பரிசோதனை செய்தவர்கள் அந்த அட்டையில் உள்ள அளவையே கொள்ளுங்கள்.

விலை கூடிய உரத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் முன்னதாகவே கதவைச் சாத்தும். டிஏபி 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். அந்தக் காசு திரும்பி வரவே 59 கிலோ நெல் கூட வேண்டும். ஒரு மூட்டை டிஏபியில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. ஏக்கருக்கான 20 கிலோ பரிந்துரைக்கு அதுவே போதும். இரண்டாவது மூட்டை டிஏபி 59 கிலோ நெல்லைக் கூட்டித் தருமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். இன்னொன்று: ஒரு மூட்டை டிஏபியில் 9 கிலோ தழைச்சத்தும் இருக்கிறது. அது ஏறக்குறைய 20 கிலோ யூரியாவுக்குச் சமம். டிஏபி போட்டவர் யூரியாவில் அந்த 20 கிலோவைக் கழிக்க வேண்டும். கழிக்காதவர் மூன்று மூட்டை போட்டதாக நினைத்துக்கொண்டு உண்மையில் மூன்றரைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

ஆறு மூட்டை, இரண்டு ஏக்கர்

இந்த வளைகோட்டுக்கு வேறொரு பயனும் இருக்கிறது. ஒரே தன்மையுள்ள இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் கையில் ஆறு மூட்டை யூரியா இருக்கிறது. ரோட்டோரத்து ஏக்கர் நாலு பேர் கண்ணில் படும் என்று அதற்கு நான்கு மூட்டை போடுகிறார். உள்ளே இருக்கும் ஏக்கருக்கு இரண்டு மூட்டை. அட்டவணைப்படி 2,260-ம் 2,020-ம் சேர்ந்து 4,280 கிலோ.

அதே ஆறு மூட்டையை மூன்று மூன்றாகப் பிரித்திருந்தால் 2,200-ம் 2,200-ம் சேர்ந்து 4,400 கிலோ. ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமல் 120 கிலோ நெல். மதிப்பு 2,760 ரூபாய். 60 கிலோ மட்டும் தந்த மூட்டையை எடுத்து, 180 கிலோ தரும் இடத்தில் வைத்தோம், அவ்வளவுதான்.

பருவத்தில் யூரியா தட்டுப்பாடு வரும்போது இது கைகொடுக்கும். கிடைத்ததை ஒரு வயலில் கொட்டிவிட்டு மற்றதைப் பட்டினி போடுவதைவிட, எல்லா வயலுக்கும் சமமாகக் குறைப்பது நல்லது. கை வீச்சுக்கும் இது பொருந்தும். வரப்போரம் தாராளமாகவும் நடு வயலில் மிச்சம் மீதியாகவும் விழுந்தால், ஒரே ஏக்கருக்குள்ளேயே பாதி நான்கு மூட்டை வயல், பாதி இரண்டு மூட்டை வயல் என்று ஆகிவிடும். மூட்டையைச் சமமாகப் பங்கிட்டு, வயலையும் அதே எண்ணிக்கையில் பாகமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பங்கையும் அதனதன் பாகத்துக்கே வீசச் சொல்லுங்கள்.

வளைகோடு எங்கே மாறும்?

எல்லா வயலுக்கும் ஒரே வளைகோடு இல்லை. மூன்று சூழ்நிலைகளில் கோடு நன்றாகவே இடம் மாறும்.

முதலாவது, வேறொரு சத்து குறைவாக இருந்தால். துத்தநாகம் இல்லாத வயலில் மூன்றாவது மூட்டை யூரியாவால் 180 கிலோ வராது. அங்கே கோடு தாழ்வாகவே ஏறிச் சீக்கிரம் படுத்துவிடும். நடவு செய்த இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்று, அடி இலைகளில் துருப் பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துத்தநாகத்தைச் சந்தேகியுங்கள். பலர் அதைப் பார்த்துவிட்டு மேலும் யூரியா போடுகிறார்கள், பயிர் தேறாது. அடுத்த நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து, சமன் செய்த வயலில் தூவுங்கள். மணிச்சத்து உரத்தோடு சேர்த்துக் கலக்காதீர்கள். குறையாக இருந்த சத்து கிடைத்தவுடன் அதே மூன்று மூட்டை யூரியாவுக்கு முழுப் பலன் கிடைக்கும். கோடு முழுவதுமே மேலே எழும். கோடு படுத்துவிட்டது என்றால் யூரியாவைக் கூட்டுவதற்குப் பதிலாக, வேறு எது குறைகிறது என்று தேட வேண்டும் என்பது இதன் பொருள்.

இரண்டாவது, மண்ணிலேயே தழைச்சத்து நிறைய இருந்தால். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுத வயலும், கிடை போட்ட வயலும் வளைகோட்டின் அடியிலிருந்து தொடங்குவதில்லை. ஏற்கெனவே சில படி ஏறி நிற்கின்றன. அங்கே நீங்கள் போடும் முதல் மூட்டையே மற்றவர்களின் இரண்டாவது மூட்டையைப் போலத்தான் வேலை செய்யும். பசுந்தாள் உரமும் போட்டுவிட்டு, யூரியாவையும் குறைக்காமல் போட்டு, பயிர் சாய்ந்துவிட்டது என்று வருபவர்கள் உண்டு.

மூன்றாவது, ரகம். உயரமாக வளரும் பழைய ரகங்களில் தண்டு பலமில்லாததால் கோடு சீக்கிரமே உச்சியைத் தொட்டு இறங்கிவிடும். 1966-இல் வந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்கள் செய்த மாற்றமே இதுதான். தண்டு குட்டையாகவும் உறுதியாகவும் இருந்ததால், அதிகத் தழைச்சத்தைத் தாங்கி நின்றன. உச்சி வலது பக்கம் தள்ளிப் போனது. ஆனால் உச்சி இல்லாமல் போய்விடவில்லை.

உங்கள் வயலின் கோட்டை நீங்களே வரையலாம்

என் அட்டவணையை நம்பி உரம் போட வேண்டாம். உங்கள் வயலிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு பருவம் போதும், 20 சென்ட் போதும்.

மேடு பள்ளம் இல்லாத, மர நிழல் விழாத இடத்தில் ஐந்து ஐந்து சென்ட்டாக நான்கு பாத்திகள் பிரியுங்கள். நடுவில் உறுதியான வரப்பு வேண்டும். ஒரு பாத்தியின் தண்ணீர் அடுத்ததற்குள் போகக் கூடாது. போனால் யூரியாவும் கூடவே போய்விடும். நான்குக்கும் வாய்க்காலிலிருந்து தனித்தனியாகத் தண்ணீர் பாய வேண்டும். ரகம், நடவு நாள், அடியுரமாகப் போடும் மணி, சாம்பல் சத்துகள், களை எடுப்பு எல்லாம் நான்கிலும் ஒன்றாக இருக்கட்டும். இந்தச் சோதனையில் டிஏபி போடாமல், தழைச்சத்து இல்லாத சூப்பர் பாஸ்பேட் போடுங்கள். இல்லாவிட்டால் கணக்குக் குழம்பும்.

ஐந்து சென்ட் என்பது ஏக்கரில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே ஏக்கருக்கு ஒரு மூட்டை என்றால் பாத்திக்கு 2.25 கிலோ யூரியா. முதல் பாத்திக்கு 2.25 கிலோ, இரண்டாவதற்கு 4.5 கிலோ, மூன்றாவதற்கு 6.75 கிலோ, நான்காவதற்கு 9 கிலோ. இது பருவம் முழுவதற்குமான அளவு. வழக்கமாக நீங்கள் எத்தனை தவணையாகப் போடுவீர்களோ அத்தனை சம பங்காகப் பிரித்து, நான்கு பாத்திகளுக்கும் ஒரே நாளில் போடுங்கள். குத்துமதிப்பாகப் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

அறுவடையைக் கையால் செய்து, பாத்தி வாரியாகத் தனித்தனியாக அடித்து, ஒரே அளவுக்குக் காயவைத்து எடை போடுங்கள். வந்த எடையை 20-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கான விளைச்சல். எந்தப் பாத்தி சாய்ந்தது, எதில் புழு அதிகம், எதற்கு மருந்து அடித்தோம் என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு கோட்டை வரையுங்கள். ஒவ்வொரு மூட்டையும் முந்தையதற்கு மேல் எத்தனை கிலோ தந்தது என்று பாருங்கள். அந்த நெல்லின் மதிப்பு, மூட்டைக்கும் அதன் பின்செலவுக்கும் மேல் தெளிவாக இருக்கும்வரை போடலாம். கிட்டத்தட்டச் சமமாகிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மழை பொய்த்த அல்லது வெள்ளம் வந்த ஒரு பருவத்தின் கோட்டை மட்டும் நம்பாமல், முடிந்தால் அடுத்த சம்பாவிலும் ஒரு முறை செய்து பாருங்கள்.

பருவத்தின் நடுவில் உடனடியாக முடிவு செய்ய இலை வண்ண அட்டை உதவும். காலை எட்டு மணி முதல் பத்து மணிக்குள், உங்கள் நிழலில் வைத்து, பத்துச் செடிகளில் மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 4-ஆம் எண் நிறத்தைவிட வெளிறியிருந்தால் மட்டும் மேலுரம் போடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண். வெளிறாத பயிருக்குப் போடும் யூரியா, வளைகோட்டின் படுத்த பகுதியில் போய் விழுகிறது.

வாசகர் கேள்விகள்

*பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறது. என் வயல் அவ்வளவு பச்சை இல்லை. வீட்டில் எல்லோரும் யூரியா போடச் சொல்கிறார்கள். போடலாமா?*

பச்சை நிறம் நெல் மணியின் அளவைச் சொல்லாது. வளைகோடு படுத்த பிறகும் இலை இன்னும் கரும்பச்சையாகிக்கொண்டே போகும். விளைச்சல் நின்றாலும் நிறம் நிற்பதில்லை. பக்கத்து வயலைப் பார்க்காமல் இலை வண்ண அட்டையைப் பாருங்கள். அட்டை போதும் என்றால் விட்டுவிடுங்கள். அறுவடையன்று இரண்டு வயலின் எடையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய மருந்துச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

*மாப்பிள்ளைச் சம்பா போட்டிருக்கிறேன். இதற்கும் மூன்று மூட்டை போடலாமா?*

வேண்டாம். உயரமான ரகம், எளிதில் சாயும். அதன் உச்சி மூன்று மூட்டைக்கு வெகு முன்பே வந்துவிடும். தக்கைப்பூண்டோ நல்ல தொழு உரமோ கிடைத்த வயலாக இருந்தால் யூரியா தேவைப்படாமலும் போகலாம். அறுவடைக்கு முன் பயிர் எப்போது, எந்த அளவு சாய்ந்தது என்பதை ஒவ்வொரு ஆண்டும் குறித்து வையுங்கள். சாயத் தொடங்கும் அளவே அந்த ரகத்துக்கு எல்லை.

*கரும்புக்கும் இதே கணக்குத்தானா?*

கோட்டின் வடிவம் அதேதான். மூட்டை எண்ணிக்கை வேறு. கரும்பில் எடையை மட்டும் பார்க்கக் கூடாது. தழைச்சத்தைக் கூடுதலாகவோ பிந்தியோ போட்டால் கரும்பு கொழுக்கும், சாயும், சாறின் தரம் குறையும். டன் கணக்கில் கோடு ஏறிக்கொண்டிருக்கும்போதே சர்க்கரைக் கணக்கில் இறங்கத் தொடங்கிவிடலாம். வெல்லம் காய்ச்சுபவர்கள் இதைக் கொப்பரையிலேயே பார்த்திருப்பீர்கள்.

*யூரியா மலிவுதானே? நூறு இருநூறு ரூபாய்க்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா?*

மூட்டை மலிவுதான். அதைத் தொடர்ந்து வரும் மருந்தும், சாய்ந்த பயிருக்கு ஓடும் அறுவடை இயந்திர வாடகையும் மலிவில்லை. கடையில் பில் போடும்போது கணக்கை முடித்துவிடாதீர்கள். நெல் எடை போட்ட பிறகு, கடைசி மூட்டையின் பெயரில் ஒரு வரி எழுதுங்கள். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். அடுத்த பருவத்தில் எத்தனை மூட்டை வாங்க வேண்டும் என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.